டைப்பிங் விளையாட்டுகள்: எதை, எப்போது ஆடினால் டெஸ்ட்டில் வேகம் ஏறும்

வேலைக்கு விண்ணப்பிக்கும் மாணவர்களிடம் அடிக்கடி கேட்கும் புலம்பல் ஒன்று உண்டு. "கேம்ல 50 காட்டுது, டெஸ்ட்ல உட்கார்ந்தா 32-தான் வருது." பதற்றம் என்று இதற்குப் பெயர் வைத்துவிடுகிறோம். பதற்றத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டுதான். ஆனால் பெரும்பங்கு வேறு இடத்தில் இருக்கிறது: விளையாட்டு ஒன்றை அளக்கிறது, டெஸ்ட் இன்னொன்றை அளக்கிறது. இந்த வித்தியாசம் புரிந்துவிட்டால் எந்த விளையாட்டை எதற்காக ஆட வேண்டும் என்பது தானாகத் தெளிவாகும். இங்கே சொல்வதெல்லாம் ஆங்கில எழுத்து அடிக்கும் வழக்கமான கீபோர்டுக்கானது.

முதலில், டெஸ்ட் எதை எண்ணுகிறது?

டைப்பிங் கணக்கில் ஒரு "வார்த்தை" என்பது ஸ்பேஸ், புள்ளி எல்லாம் சேர்த்து 5 விசைத் தட்டல்கள். நீங்கள் அடித்தது மூன்றெழுத்துச் சொல்லா, பத்தெழுத்துச் சொல்லா என்று யாரும் பார்ப்பதில்லை. 5 நிமிடத்தில் 1000 தட்டல் அடித்தால் அது 200 வார்த்தை, நிமிடத்துக்கு 40. இது மொத்த வேகம். பரவலாக இருக்கும் முறையில், திருத்தாமல் விட்ட ஒவ்வொரு தவறுக்கும் ஒரு முழு வார்த்தையைக் கழிப்பார்கள். அதே 1000 தட்டலில் 15 தவறு அப்படியே கிடந்தால் 200-ல் 15 போக 185, நிமிடத்துக்கு 37. இதுதான் நிகர வேகம். வேலை தருபவர் பார்ப்பது இதைத்தான். சில டேட்டா என்ட்ரி வேலைகளில் மணிக்கு இத்தனை தட்டல் என்று கேட்பார்கள். பயப்பட வேண்டாம், 60-ஆல் வகுத்து, பிறகு 5-ஆல் வகுத்தால் போதும். மணிக்கு 8000 தட்டல் என்றால் நிமிடத்துக்கு ஏறக்குறைய 27 வார்த்தை.

தவறைத் திருத்திவிட்டால் கழிவு இல்லைதானே என்று தோன்றும். கழிவு உண்டு, அது நேரமாகப் போகிறது. ஒரு தவறான எழுத்து விழுந்து, அதற்குப் பின் இன்னும் இரண்டு எழுத்து அடித்த பிறகுதான் பெரும்பாலும் கண்ணில் படும். அப்போது மூன்று முறை பேக்ஸ்பேஸ், மீண்டும் மூன்று எழுத்து. ஆக ஆறு தட்டல் கூடுதல். இதை வைத்து இரண்டு பேரை ஒப்பிட்டுப் பார்ப்போம். இருவருக்கும் 1000 எழுத்துள்ள ஒரே பத்தி. முதலாமவர் நிமிடத்துக்கு 200 தட்டல் அடிக்கும் வேகக்காரர், ஆனால் 60 இடத்தில் தவறுகிறார். அவருக்கு 360 தட்டல் கூடுதலாகிறது. பத்தி முடிய 6 நிமிடம் 48 விநாடி. இரண்டாமவர் நிமிடத்துக்கு 180 தட்டல்தான், தவறு 15 மட்டும். கூடுதல் 90 தட்டல். முடிய 6 நிமிடம் 3 விநாடி. விரல் மெதுவாக ஓடியவர் முக்கால் நிமிடம் முன்னதாக எழுந்துவிடுகிறார். நிகரக் கணக்கில் முதலாமவருக்கு 29, இரண்டாமவருக்கு 33. தவறைக் கண்டு ஒரு கணம் விரல் திகைத்து நிற்குமே, அந்த நேரத்தை நான் இதில் சேர்க்கவே இல்லை.

பின்லாந்தின் ஆல்ட்டோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் பங்கேற்ற 2018 ஆய்வு ஒன்று 1,68,000 பேரின் டைப்பிங்கைப் பதிவுசெய்து பார்த்தது. சராசரி வேகம் நிமிடத்துக்கு 52 வார்த்தை. அதைவிடப் பயனுள்ள செய்தி, வேகமானவர்கள் குறைவாகத் தவறுகிறார்கள் என்பது. அதனால் இந்தக் கட்டுரை முழுக்க ஒரே விதியைப் பிடித்துக்கொள்வேன்: துல்லியம் 97 சதவீதத்துக்குக் கீழே இருக்கும்வரை வேகத்தைத் தொடாதீர்கள்.

உங்கள் இன்றைய நிலையை அளந்துகொள்ளுங்கள்

விளையாட்டில் இறங்கும் முன் ஒரு அளவு எடுத்து வையுங்கள். monkeytype.com இதற்குத் தோதானது. கணக்குத் தொடங்காமலே பயன்படுத்தலாம். மேலே time என்பதைத் தேர்ந்தெடுத்து, அதன் பக்கத்தில் இருக்கும் சிறிய கருவிச் சின்னத்தைத் தட்டி 300 விநாடி என்று கொடுங்கள். punctuation, numbers இரண்டையும் இயக்குங்கள். 15 விநாடி, 30 விநாடி ஓட்டங்களை இப்போதைக்கு மறந்துவிடுங்கள். 15 விநாடியில் யாரும் வேகமானவர்தான். மூன்றாவது நிமிடத்தில் தோள் இறுகி, கவனம் சிதறும்போது என்ன ஆகிறது என்பதுதான் டெஸ்ட்.

முடிந்ததும் திரையில் பல எண்கள் வரும். மூன்று போதும். wpm என்பது சரியாக அடித்த வார்த்தைகளின் வேகம். raw என்பது தவறுகளையும் சேர்த்து விரல் ஓடிய வேகம். acc என்பது துல்லியம். raw 45, wpm 36 என்று இரண்டுக்கும் பெரிய இடைவெளி இருந்தால் உங்களுக்கு வேகப் பயிற்சி தேவையில்லை. விரல் ஏற்கெனவே உங்கள் கட்டுப்பாட்டை மீறி ஓடுகிறது. இரண்டும் 24, 23 என்று ஒட்டி இருந்தால் அடிப்பதெல்லாம் சரிதான், இடம் தெரியாமல் தேடுகிறீர்கள் என்று பொருள். இந்த இரண்டு வகையினருக்கும் மருந்து வேறு வேறு.

விரல் தடம் பதியும்வரை போட்டி வேண்டாம்

கீபோர்டில் F, J இரண்டின் மேலும் ஒரு சிறு மேடு இருக்கும். இடது ஆள்காட்டி விரல் F மேல், வலது ஆள்காட்டி விரல் J மேல். மற்ற விரல்கள் வரிசையாக அதே வரியில், கட்டைவிரல்கள் ஸ்பேஸ் பாரில். ஒவ்வொரு விரலும் தன் விசையை அடித்துவிட்டு இந்த வரிக்குத் திரும்ப வேண்டும். இதை எல்லாரும் சொல்வார்கள். யாரும் சொல்லாமல் விடுவது, இந்தப் பழக்கம் வருவதற்கு முன் பந்தய விளையாட்டு ஆடினால் அது கெடும் என்பது. பக்கத்தில் நாலு கார் ஓடும்போது மோதிர விரலைத் தேடிக்கொண்டிருக்க மனம் ஒப்பாது. ஏற்கெனவே பழகிய இரண்டு விரல் முறைக்கே கை ஓடிவிடும். விளையாட்டு அந்தப் பழைய முறையை இன்னும் ஆழமாகப் பதித்துவிடும்.

பத்து விரலையும் பயன்படுத்தியே தீர வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடிக்க மாட்டேன். ஆறு, ஏழு விரலில் பிரமாதமாக அடிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அவர்களிடமும் ஒரு ஒழுங்கு இருக்கும்: ஒரு விசைக்கு எப்போதும் ஒரே விரல். இன்று y-யை வலது விரலாலும் நாளை இடது விரலாலும் அடிப்பவருக்கு விரல் நினைவு என்று ஒன்று உருவாகவே வாய்ப்பில்லை. புதிதாகத் தொடங்குபவர் என்றால் பத்து விரல் முறையிலேயே தொடங்குங்கள். பழகிய கையோடு வருபவர் என்றால், வரும் வாரங்களில் வேகம் பாதியாகக் குறைவதைப் பொறுத்துக்கொள்ள முடியுமா, டெஸ்ட் எப்போது என்று பார்த்து முடிவெடுங்கள். அடுத்த வாரமே டெஸ்ட் என்றால் விரல் மாற்றும் வேலையே வேண்டாம்.

இந்தக் கட்டத்துக்கு நான் சொல்வது keybr.com. இது பார்க்க விளையாட்டு மாதிரி இருக்காது. மதிப்பெண் ஏறுவதும் எழுத்துகள் ஒவ்வொன்றாகத் திறப்பதும் மட்டும்தான் விளையாட்டு. e, n, i, a, r, l போன்ற அடிக்கடி வரும் சில எழுத்துகளை மட்டும் முதலில் கொடுக்கும். அவற்றை வைத்து, உச்சரிக்கக் கூடிய ஆனால் பொருளில்லாத சொற்களை உருவாக்கித் தரும். பொருளில்லாததுதான் இதன் பலம். தெரிந்த சொல் என்றால் கண் முழுதாகப் படிக்காமலே விரல் ஊகித்து ஓடும். இங்கே ஒவ்வொரு எழுத்தையும் பார்த்துத்தான் ஆக வேண்டும். எந்த எழுத்தில் நீங்கள் தடுமாறுகிறீர்களோ அது அதிகம் வரும். திறந்திருக்கும் எல்லா எழுத்திலும் இலக்கு வேகத்தை எட்டினால் அடுத்த எழுத்து திறக்கும்.

இலக்கு வேகம் தொடக்கத்தில் நிமிடத்துக்கு 35 வார்த்தை என்று இருக்கும். முதல்முறை விரல் வைப்பவருக்கு இது கடினம். வாரக்கணக்கில் ஒரே எழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுத்துப் போவீர்கள். அமைப்புப் பக்கத்தில் இதை 20 அல்லது 25 ஆக்கிக்கொள்ளுங்கள். எல்லா எழுத்தும் திறந்தபின் 35-க்கு உயர்த்துங்கள். அப்போது பாதி எழுத்துகள் மீண்டும் சிவப்புக்கு இறங்கும். அது பின்னடைவு இல்லை, அளவுகோல் மாறியிருக்கிறது.

கீழே பார்க்கிறீர்களா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? மெல்லிய துணி ஒன்றைக் கைகளின் மேல் போட்டுக்கொண்டு ஒரு சுற்று அடித்துப் பாருங்கள். துல்லியம் சட்டென்று 80-க்குக் கீழே போனால் இதுவரை கண்தான் அடித்துக்கொண்டிருந்தது. நாளுக்கு ஒரு சுற்றாவது அந்தத் துணியோடு அடியுங்கள். அசிங்கமாக இருந்தாலும் இதைப்போல் வேலை செய்வது வேறில்லை.

இணையம் சரியாக இல்லாதவர்கள் டக்ஸ் டைப்பிங் என்ற இலவச மென்பொருளை நிறுவிக்கொள்ளலாம். மேலிருந்து எழுத்தோடு மீன்கள் விழும், அடித்தால் பென்குயின் தின்னும். சிறுவர் விளையாட்டுதான், ஆனால் ஒற்றை எழுத்துகளின் இடம் பதிவதற்கு அது போதும்.

தவறுகளைப் பெயர் சொல்லிப் பிடியுங்கள்

கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டிய பகுதி இது. 92 சதவீதத் துல்லியம் என்று திரை சொல்கிறது. மீதி 8 சதவீதம் கண்டபடி விழுந்த தவறுகள் என்று நினைக்கிறோம். கிடையாது. ஒரு நாளின் தவறுகளைத் தாளில் எழுதிப் பாருங்கள். திரும்பத் திரும்ப மூன்று, நான்கு வகைதான் இருக்கும்.

முதல் வகை, கை மாறும் தவறு. e அடிக்க வேண்டிய இடத்தில் i, d-க்குப் பதில் k. பக்கத்து விசையே இல்லையே, எப்படி விழுந்தது என்று குழம்புவோம். e இடது நடுவிரலுக்கு, i வலது நடுவிரலுக்கு. மூளை "நடுவிரல், மேல் வரி" என்று சரியாகத்தான் கட்டளை அனுப்பியது, கை மட்டும் மாறிவிட்டது. received, their, piece போன்ற சொற்களில் இது கொட்டும்.

இரண்டாவது, வரிசை மாறும் தவறு. the என்பது teh ஆவது. t இடது கை, h வலது கை, e மீண்டும் இடது கை. இரண்டு கைகளும் தனித்தனியே ஓடுவதால் இடது கை தன் இரண்டு வேலையையும் முடித்துவிட்டு, வலது கை வந்து சேரும் முன்னரே முந்திவிடுகிறது. வேகம் கூடும்போது இந்த வகை கூடும். எழுத்தின் இடம் தெரியாமல் வருவதில்லை இது. இரு கையின் தாளம் பிசகுவதால் வருவது.

மூன்றாவது, இரட்டிப்புத் தவறு. book என்பது bokk ஆகும். எதையோ இரட்டிக்க வேண்டும் என்று நினைவிருக்கிறது, எதை என்பதுதான் நழுவுகிறது. நான்காவது எல்லோருக்கும் தெரிந்தது: r-க்கு t, n-க்கு m என்று பக்கத்து விசையில் விழுவது. பெரும்பாலும் கை F, J-யிலிருந்து ஒரு அரை விசை நகர்ந்திருக்கும்.

இவற்றோடு ஒரே விரல் சிக்கல் என்று ஒன்றையும் சேர்த்துக்கொள்ளலாம். decided என்ற சொல்லை மெதுவாக அடித்துப் பாருங்கள். d, e, c மூன்றும் இடது நடுவிரல்; i மட்டும் வலது; பிறகு d, e, d மீண்டும் அதே இடது நடுவிரல். ஏழு எழுத்தில் ஆறு எழுத்தை ஒரே விரல் சுமக்கிறது. இந்தச் சொல்லில் யாருக்கும் வேகம் குறையும். குறையட்டும். அங்கே வேகத்தைக் காப்பாற்ற நினைப்பவர்தான் deicded என்று அடித்து, நாலைந்து பேக்ஸ்பேஸ் போட்டு, குறைந்திருக்க வேண்டியதைவிட அதிக நேரத்தை இழக்கிறார்.

சரி, மருந்து. மங்கிடைப்பில் ஒரு ஓட்டம் முடிந்ததும் தவறவிட்ட சொற்களை மட்டும் மறுபடி பயிலும் வசதி முடிவுத் திரையிலேயே இருக்கிறது. அதை ஒவ்வொரு முறையும் பயன்படுத்துங்கள். அதற்கும் மேலே, custom என்ற முறையில் உங்கள் சொற்பட்டியலை நீங்களே ஒட்டிக்கொள்ளலாம். கை மாறும் தவறு உள்ளவருக்கு இப்படி:

```
their piece received decided science kind like desk
```

வரிசை மாறும் தவறுக்கு the, then, they, with, right போன்றவை. இரட்டிப்புக்கு book, letter, committee, address, success. பத்துச் சொல் போதும். stop on error என்ற அமைப்பை letter என்று வைத்துக்கொண்டு, கணீர் கணீர் என்று கடிகார முள் தாளத்தில் அடியுங்கள். எழுத்து தவறினால் அங்கேயே நிற்கும். சரியானதை அடித்தால்தான் நகரும். பத்து நிமிடத்துக்கு மேல் இந்தப் பயிற்சி வேண்டாம், கவனம் மங்கிவிடும். ஒரு வகைத் தவறை எடுத்தால் ஒரு வாரம் அதையே பாருங்கள். நான்கையும் ஒன்றாகத் துரத்துபவர் எதையும் பிடிப்பதில்லை.

பந்தயமும் சுடும் விளையாட்டும் எங்கே உதவும்

கீழே பார்க்காமல் 25-ஐத் தொட்டு, துல்லியம் 97-ல் நிற்கிறது என்றால் இப்போது விளையாடலாம். ஆனால் ஒவ்வொரு விளையாட்டும் தவறை எப்படி நடத்துகிறது என்பதைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள்.

zty.pe ஒரு விண்வெளிச் சண்டை. மேலிருந்து சொற்கள் இறங்கி வரும். முதல் எழுத்தை அடித்ததும் அந்தச் சொல் குறியாகப் பூட்டிக்கொள்ளும், முழுதும் அடித்தால் வெடிக்கும். இது கற்றுத்தருவது ஒன்றே ஒன்று, ஆனால் அருமையான ஒன்று: விரல் ஒரு சொல்லில் இருக்கும்போதே கண் அடுத்த சொல்லுக்குப் போவது. டெஸ்ட்டில் வேகமாக அடிப்பவர்களின் கண் எப்போதும் விரலுக்கு ஒரு சொல்லாவது முன்னால் இருக்கும். இதில் கிடைக்காதது ஸ்பேஸ், பெரிய எழுத்து, திருத்தும் பழக்கம். நாளுக்கு ஐந்து நிமிடம் கை சூடேற்ற ஆடலாம். மணிக்கணக்கில் ஆடினால் சுடுவதில் தேர்ச்சி வரும்.

நைட்ரோ டைப் கார் பந்தயம். உற்சாகமானது, நண்பர்களோடு ஆட நன்றாக இருக்கும். ஆனால் இதில் தவறு செய்தால் பேக்ஸ்பேஸ் தேவையில்லை. சரியான எழுத்தை அடித்ததும் கார் தொடர்ந்து ஓடும். தவறுக்கு இங்கே விலை மலிவு. டெஸ்ட்டில் விலை அதிகம். கேமில் 50, டெஸ்டில் 32 என்ற புலம்பலுக்கு ஒரு பெரிய காரணம் இந்த இடத்தில்தான் இருக்கிறது. கூடவே நைட்ரோ என்று ஒன்றைப் பயன்படுத்தி ஒரு சொல்லையே தாண்டிப் போகலாம். எந்தத் தேர்வு அறையிலும் அந்தச் சலுகை கிடையாது.

டைப்ரேசர் எனக்குப் பிடித்தது. 2008 முதல் இருக்கிறது, play.typeracer.com என்று அடித்தால் வரும். இதுவும் கார் பந்தயம்தான், ஆனால் அடிக்கக் கொடுப்பது உண்மையான உரைநடைப் பத்தி: பெரிய எழுத்து, காற்புள்ளி, மேற்கோள் குறி, சில சமயம் எண்கள். தவறினால் பெட்டி சிவப்பாகும். பின்னால் போய்த் திருத்தாமல் கார் நகராது. டெஸ்ட்டுக்கு இவ்வளவு நெருக்கமாக வரும் பந்தயம் வேறு இல்லை. மற்றவர்களோடு போட்டியிடத் தயக்கமாக இருந்தால் தனியாக ஓடும் பயிற்சி முறையும் உண்டு.

பந்தயத்தில் ஒரு சின்ன உத்தி: வெல்ல முயலாதீர்கள். முதல் இடத்தில் வருபவரைப் பார்த்துக்கொண்டே அடித்தால் கண் பத்தியை விட்டு விலகும். ஐந்து பந்தயம் ஓடி, ஐந்திலும் துல்லியம் 97-க்கு மேல் வந்ததா என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். கடைசியாக வந்தாலும் பரவாயில்லை, அந்த வரிசை உங்கள் விண்ணப்பத்தில் ஏறப் போவதில்லை.

ஒரு நாள் பயிற்சி எப்படி இருக்கும்

முப்பது நிமிடம், முடிந்தால் காலையும் மாலையுமாகப் பிரித்து. வாரத்தில் ஒரு நாள் மூன்று மணி நேரம் உட்காருவதைவிட தினம் அரை மணி நேரம் பல மடங்கு வேலை செய்யும். முதல் ஐந்து நிமிடம் keybr அல்லது zty.pe. அடுத்த பத்து நிமிடம் நேற்றைய தவறுச் சொற்கள், மெதுவாக. அடுத்த பத்து நிமிடம் டைப்ரேசர். கடைசி ஐந்து நிமிடம் மங்கிடைப்பில் ஒரே ஒரு முழு ஓட்டம், 300 விநாடி. அந்த எண்ணை மட்டும் நோட்டில் குறியுங்கள்.

மங்கிடைப்பில் min accuracy என்று ஓர் அமைப்பு இருக்கிறது. அதை 95 என்று வைத்தால் துல்லியம் அதற்குக் கீழே இறங்கியதும் ஓட்டம் அங்கேயே தோற்றுப்போகும். இரண்டு நாள் எரிச்சலாக இருக்கும். மூன்றாவது நாள் விரல் தானாக நிதானிக்கும். சில நாள் கழித்து 97 ஆக்குங்கள். தொடர்ந்து மூன்று நாள் 97-க்கு மேல் நின்றால் வேகத்தை இரண்டு, மூன்று வார்த்தை கூட்ட முயலலாம். துல்லியம் இறங்கினால் பழைய வேகத்துக்கே திரும்புங்கள்.

வேகம் ஓரிடத்தில் மாட்டிக்கொண்டு நகராத காலம் எல்லோருக்கும் வரும். அப்போது வேண்டுமென்றே ஒரு நாள் தலைகீழாகச் செய்து பாருங்கள். 15 விநாடி ஓட்டங்கள் சில, துல்லியத்தைக் கவனிக்காமல், கை ஓடுகிற வேகத்தில். விரல் இன்னும் வேகமாக அசைய முடியும் என்று கைக்குத் தெரிந்துவிடும். அன்றைக்கு அது போதும். அடுத்த நாள் பழைய ஒழுங்குக்கு வந்துவிடுங்கள். இதையே தினமும் செய்தால் முன்பு சொன்ன 60 தவறுக்காரர் ஆகிவிடுவீர்கள்.

மணிக்கட்டோ முன்கையோ வலித்தால் நிறுத்துங்கள். வலியோடு அடிப்பது பயிற்சி இல்லை. மேசை விளிம்பில் மணிக்கட்டை அழுத்தி வைத்து விரலை மட்டும் நீட்டுவதுதான் வழக்கமான காரணம்; கை சற்று மிதந்து, முழங்கை ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கும்படி நாற்காலியைச் சரிசெய்யுங்கள்.

கடைசி இரண்டு வாரம்: விளையாட்டிலிருந்து டெஸ்ட்டுக்கு

விளையாட்டுகள் சொல்லித்தராத சில விஷயங்கள் டெஸ்ட்டில் வரும். அவற்றைத் தனியாகப் பயில வேண்டும்.

பெரிய எழுத்துக்கு எதிர்க் கையின் ஷிஃப்ட். A அடிக்க வலது ஷிஃப்ட், P அடிக்க இடது ஷிஃப்ட். ஒரே கையால் இரண்டையும் பிடிக்கப் போனால் கை முழுக்க இடம்பெயர்ந்து, அடுத்த நாலு எழுத்தும் பக்கத்து விசையில் விழும். கேப்ஸ் லாக்கை ஒற்றை எழுத்துக்குப் பயன்படுத்தும் பழக்கம் இருந்தால் இப்போதே விட்டுவிடுங்கள்.

அடுத்தது பேக்ஸ்பேஸ். சில டெஸ்ட் மென்பொருளில் திருத்த அனுமதி இருக்கும், சிலவற்றில் இருக்காது. அறிவிப்பில் படித்துத் தெரிந்துகொள்ளுங்கள். திருத்த முடியாத டெஸ்ட் என்றால் மங்கிடைப்பில் confidence mode என்பதை max என்று வைத்துப் பயிலுங்கள். பேக்ஸ்பேஸ் வேலை செய்யாது. தவறு விழுந்தும் திரும்பிப் பார்க்காமல் அடுத்த சொல்லுக்குப் போவது தனி மனப்பழக்கம், ஒரே நாளில் வராது. திருத்தலாம் என்றால் அந்தச் சொல் முடிவதற்குள் கண்டுபிடித்ததைத் திருத்துங்கள். நாலு சொல் தாண்டிக் கண்ணில் பட்டதை விட்டுவிடுவதே பெரும்பாலும் லாபம். ஒரு தவறுக்கு ஒரு வார்த்தை கழிவு, அதாவது 5 தட்டல். பின்னால் போய் வருவதற்கு நாற்பது தட்டல் ஆகும். ஆனால் தவறுக்கு உச்சவரம்பு வைத்து, அதைத் தாண்டினால் தோல்வி என்று சொல்லும் டெஸ்ட்டுகளில் இந்தக் கணக்கு செல்லாது. அங்கே திருத்தியே ஆக வேண்டும்.

மூன்றாவது, தாளைப் பார்த்து அடிப்பது. விளையாட்டுகளில் அடிக்க வேண்டியதும் அடித்ததும் ஒரே இடத்தில் இருக்கும், தவறு உடனே சிவக்கும். டெஸ்ட்டில் பத்தி ஒரு பக்கமும் நீங்கள் அடிப்பது வேறு பக்கமுமாக இருக்கலாம், எதுவும் சிவக்காது. ஒரு அச்சுப் பக்கத்தை கீபோர்டின் பக்கத்தில் நிமிர்த்தி வைத்து, வெறும் நோட்பேடில் பத்து நிமிடம் அடியுங்கள். பிறகு வரி வரியாக ஒப்பிட்டுத் தவறுகளை எண்ணுங்கள். இங்கே புதிதாக ஒரு தவறு தலைகாட்டும்: ஒரு வரியையே தாண்டிப் போவது. அடுத்தடுத்த வரிகளில் ஒரே சொல் வந்தால் கண் வழுக்கிவிடும். முடிந்தால் தாளின் மேல் ஒரு ஸ்கேலை வைத்துப் பழகுங்கள், டெஸ்ட்டில் அனுமதி இல்லாவிட்டாலும் கண்ணுக்கு வரி பிடிக்கும் பழக்கம் வந்திருக்கும்.

டேட்டா என்ட்ரி வேலை என்றால் வலப்பக்க எண் பலகையையும் பயில வேண்டும். அதில் 5-ன் மேல் மேடு இருக்கும். 4, 5, 6 மேல் ஆள்காட்டி, நடு, மோதிர விரல்கள். பல மடிக்கணினிகளில் இந்தப் பலகையே கிடையாது. டெஸ்ட்டும் பெரும்பாலும் தனிக் கீபோர்டு உள்ள கணினியில்தான் நடக்கும், அதன் விசைகள் ஆழமாக இறங்கும். மடிக்கணினியில் மட்டுமே பழகிய கை முதல் இரண்டு நிமிடம் தடுமாறும். எங்கேயாவது கேட்டு வாங்கியாவது ஒரு வெளிக் கீபோர்டில் சில நாள் அடித்துவிடுங்கள்.

ரெஸ்யூமேயில் வேகம் எழுதும்போது மங்கிடைப்பின் 15 விநாடிச் சாதனையை எழுத வேண்டாம். நோட்டில் குறித்த கடைசி ஏழு நாள் 300 விநாடி ஓட்டங்களை எடுத்து, மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் அடித்துவிட்டு, மீதியின் சராசரியைப் போடுங்கள். பக்கத்திலேயே துல்லியத்தையும் எழுதுங்கள். "நிமிடத்துக்கு 36 வார்த்தை, துல்லியம் 98 சதவீதம், 5 நிமிடப் பத்தியில்" என்று இருந்தால், நேர்முகத் தேர்வில் எந்தக் கீபோர்டை முன்னால் தள்ளினாலும் அந்த எண் ஏறக்குறைய அப்படியே வரும்.